பாரிஸுக்குப் போன கடிதத்தைச் சென்னையில் படிப்பவர்

வெளிநாட்டுச் சுற்றுலா நிறுவனங்களுக்காக இங்கே கார், வழிகாட்டி, ஓட்டல் எல்லாம் ஏற்பாடு செய்துகொடுக்கும் சென்னை அலுவலகம் ஒன்றில், விலைப்பட்டியல் பிரிவில் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். அந்த நாட்களை நினைக்கும்போது முதலில் ஞாபகம் வருவது எங்களுக்கு எழுதப்படாத கடிதங்கள்தான். செட்டிநாட்டிலோ தரங்கம்பாடியிலோ ஐந்தாறு அறைகளை விருந்தினர்களுக்கு விடும் ஒரு வீட்டுக்காரர் பாரிஸிலோ லண்டனிலோ உள்ள நிறுவனத்துக்கு, முன்பின் அறிமுகம் இல்லாமல் மின்னஞ்சல் எழுதியிருப்பார். எங்களோடு சேர்ந்து பணியாற்றுங்கள், உங்கள் பயணிகளை எங்கள் வீட்டுக்கு அனுப்புங்கள் என்பது சாரம். அந்த மின்னஞ்சல் அங்கே திறக்கப்பட்டு, பெரும்பாலும் பதில் எழுதப்படாமல், மேலே ஒற்றை வரியோடு எங்களுக்கு அனுப்பப்படும்: இந்த வீட்டைத் தெரியுமா, நமக்கு உதவுமா? எழுதியவருக்கு இந்தப் பயணம் தெரியாது. தன் கடிதம் கடல் தாண்டிப் போய்ப் படிக்கப்படாமலே கிடக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பார். அது அதற்குள் அவர் வீட்டிலிருந்து சில மணி நேரக் கார் தூரத்தில் உள்ள ஒரு மேசைக்குத் திரும்பி வந்திருக்கும். இப்படித் திரும்பி வந்தவற்றைப் படித்துப் படித்து எனக்கு ஒரு கருத்து உறுதிப்பட்டது. வெளிநாட்டு நிறுவனத்துக்கு எழுதும் கடிதத்தை, அதைக் கடைசியில் எடைபோடப் போகும் உள்நாட்டு ஏஜென்டை மனத்தில் வைத்து எழுத வேண்டும். அப்படி எழுதியவைதான் பலன் தந்தன.

கடிதம் ஏன் திரும்பி வருகிறது என்பதை இந்தத் தொழிலின் அமைப்பிலிருந்து பார்க்க வேண்டும். வெளிநாட்டு நிறுவனம் பயணிக்கு விற்பது ஒரு முழுப் பயணம்: சென்னையில் இறங்கி, மாமல்லபுரம், புதுச்சேரி, தஞ்சாவூர், செட்டிநாடு, மதுரை வழியாகத் தேக்கடிக்கு ஏறி, ஆலப்புழையில் படகில் தங்கி, கொச்சியில் விமானம் ஏறுவது போன்ற ஒன்று. இதற்கான கார்களும் வழிகாட்டிகளும் அறைகளும் இங்குள்ள ஒரே ஏஜென்டின் கையில் இருக்கும். தொழிலில் அவரை கிரவுண்ட் ஏஜென்ட் அல்லது டி.எம்.சி. என்பார்கள். நடு இரவில் கார் பழுதானால் போன் எடுப்பவர் அவர். ஓட்டல்காரருக்குப் பணம் கட்டுபவரும் அவரே. ஐரோப்பியச் சட்டம் இந்த ஏற்பாட்டை இன்னும் இறுக்கியிருக்கிறது. 2015ஆம் ஆண்டின் தொகுப்புப் பயண நெறிமுறை 2018 ஜூலை முதல் அமலில் இருக்கிறது. அதன்படி தொகுப்புப் பயணத்தில் அடங்கிய ஒவ்வொரு சேவைக்கும் அதை விற்ற நிறுவனம் பொறுப்பு. கானாடுகாத்தானில் ஒரு மாடிப்படியில் பயணி வழுக்கி விழுந்தால், படி செட்டியார் வீட்டுப் படியானாலும் அவர் வழக்குப் போடுவது பாரிஸ் நிறுவனத்தின் மீதாக இருக்கலாம். பிரிட்டனிலும் 2018இல் இதே சாரமுள்ள விதிகள் வந்தன. எனவே பார்த்திராத வீட்டைப் பற்றி அங்கே உட்கார்ந்து யாரும் முடிவெடுப்பதில்லை. அங்கே பயணத் திட்டங்களுக்குப் பொறுப்பான ப்ராடக்ட் மேனேஜர் செய்யக்கூடியது, ஆர்வம் கொள்வதும் அந்த ஆர்வத்தை இங்கே தள்ளிவிடுவதும்தான்.

இப்படி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. இந்தியாவிலிருந்து அன்பான வணக்கங்கள் என்று தொடங்கும். நூறு வருட வீடு, பர்மாத் தேக்குத் தூண்கள், ஆத்தங்குடித் தரை, முட்டை வெள்ளைக் கரு சேர்த்து இழைத்த சுவர் என்று வரிசையாகப் போகும். பாட்டி சமையல் வரும். கூடவே பத்துப் புகைப்படங்களை இணைத்து மடலே கனத்துப் போயிருக்கும். முடிவில், நல்லுறவை எதிர்பார்க்கிறோம் என்றிருக்கும். இதில் ஒன்றும் பொய்யில்லை. ஆனால் செட்டிநாட்டை ஏற்கெனவே விற்கும் நிறுவனத்துக்குத் தேக்குத் தூண் புதிதில்லை. காரைக்குடியில் பங்களா ஓட்டலும் கானாடுகாத்தானில் விசாலம் ஓட்டலும் அவர்கள் பட்டியலில் பல காலமாக இருக்கக்கூடும். யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் 2014இல் சேர்ந்ததையும் அவர்கள் சிற்றேடே சொல்லும். கடிதத்தில் இல்லாதவைதான் எங்களுக்குத் தேவைப்பட்டன. எத்தனை அறை, அவற்றில் தரைத்தளத்தில் எத்தனை? இரட்டைக் கட்டிலைப் பிரித்துத் தனித்தனியாகப் போட முடியுமா? தஞ்சாவூரிலிருந்து எவ்வளவு நேரம்? நிகர விலை என்ன, அது எந்தத் தேதி வரை செல்லும்? இந்தக் கேள்விகளோடு நாங்கள் அந்த வீட்டுக்குத் திரும்ப எழுதி, அவர் பதில் எழுத நான்கு நாள் ஆகி, அதை நாங்கள் பாரிஸுக்கு அனுப்புவதற்குள் அங்கே அந்த ஆர்வமே ஆறிப்போயிருக்கும். ஏஜென்டின் வேலையைக் கூட்டும் கடிதம் தானாகவே அடியில் போய்விடும். இதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அக்டோபரில் சீசன் தொடங்கிவிட்டால் அந்த மேசையில் இருப்பவருக்கு மூச்சுவிட நேரமிருக்காது.

ஒரு நல்ல கடிதம் எப்படி இருக்கலாம் என்பதைக் கற்பனை வீடு ஒன்றை வைத்துக் கட்டிப் பார்க்கலாம். கானாடுகாத்தான் பக்கத்து ஊரொன்றில் ஆறு அறை வீடு. ஆறு என்பதால் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே பதிவுக்கு அது தகுதி பெறும். அந்தத் திட்டத்தின் உச்ச வரம்பே ஆறு அறைதான். யாருக்கு எழுதுவது என்பதையும் அதே எண்தான் முடிவு செய்கிறது. பதினாறு பேரைப் பேருந்தில் கூட்டிவரும் குழுப் பயண நிறுவனத்துக்கு எழுதுவது வீண். அவர்களுக்கு எட்டு அறையும் குழுத் தலைவருக்கு ஒன்றும் வேண்டும். தம்பதிகளுக்கும் சிறு குடும்பங்களுக்கும் தனித்தனியாகப் பயணம் வடிவமைத்துத் தரும் நிறுவனங்களே பொருத்தம். அவர்களின் இணையதளத்தைத் திறந்து, தென்னிந்தியப் பயணத் திட்டத்தில் தஞ்சாவூருக்கும் மதுரைக்கும் நடுவே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். சிலர் செட்டிநாட்டில் ஓர் இரவு தங்க வைப்பார்கள். சிலர் தஞ்சாவூரிலிருந்து நேரே மதுரைக்கு ஓட்டிவிடுவார்கள். இந்த இரண்டு வகையினருக்கும் ஒரே கடிதத்தை அனுப்பக் கூடாது. முதல் வகையினரிடம் இரண்டாவது இரவுக்குக் காரணம் சொல்ல வேண்டும்: முதல் நாள் தஞ்சாவூரிலிருந்து வரும் வழியில் திருமயம் கோட்டை, மறுநாள் காலை ஆத்தங்குடி ஓட்டுப் பட்டறை, மாலை பிள்ளையார்பட்டி. இரண்டாம் வகையினரிடம், தஞ்சாவூரிலிருந்து புதுக்கோட்டை வழியாக ஏறத்தாழ நூறு கிலோமீட்டர், இங்கிருந்து மதுரைக்கு ஏறத்தாழ தொண்ணூறு கிலோமீட்டர் என்று சொன்னால் போதும். நீண்ட பயண நாளொன்று நடுவில் உடைகிறது என்பது அவர்களுக்கே விளங்கும். அவர்கள் விற்றுக்கொண்டிருக்கும் பாதையில் தன் வீடு எந்தக் கட்டத்தில் உட்காருகிறது என்று காட்டிய கடிதத்தைப் படித்தவர் அதற்கு மேல் வரைபடத்தைத் தேட வேண்டியதில்லை.

தலைப்பு வரியிலேயே இதைச் சொல்லிவிடலாம்: தஞ்சாவூர்–மதுரை வழியில் 6 அறை வீடு, அடுத்த அக்டோபர் முதலான நிகர விலை. உள்ளே முதல் பத்தியில், உங்கள் இன்ன பயணத்தின் எட்டாம் நாளுக்கு நாங்கள் பொருந்துவோம் என்று காரணத்தோடு இரண்டு வாக்கியம். அடுத்த பத்தியில் வீட்டைப் பற்றிய தகவல்: ஆறு அறையும் குளிர்சாதனம், எல்லாவற்றிலும் இணைந்த குளியலறை, நான்கு தரைத்தளத்தில், மூன்றில் கட்டில்களைப் பிரிக்கலாம், மின்சாரம் போனால் ஜெனரேட்டர். நிலைப்படிகள் உயரமானவை, நடக்கச் சிரமப்படுபவர்களுக்கு முன்கட்டு அறை மட்டுமே ஏற்றது என்பதையும் மறைக்காமல் எழுதலாம். அந்த ஒரு வாக்கியத்துக்குக் கிடைக்கும் மரியாதை தூண்களின் வருணனைக்குக் கிடைக்காது. குறையைத் தானே சொல்கிற வீட்டுக்காரர் மற்றவற்றிலும் உண்மையே எழுதியிருப்பார் என்று ஏஜென்ட் எடுத்துக்கொள்கிறார். மூன்றாவது பத்தியில் விலையும் அது செல்லும் காலமும். கடைசி வரி மிக முக்கியமானது: உங்கள் இந்திய ஏஜென்ட் மூலமாகவே பதிவு செய்யலாம், இதே நிகர விலை அவர்களுக்கும் பொருந்தும். புகைப்படங்களை மடலோடு இணைக்காமல், ஒரு லிங்க்காகக் கொடுத்துவிடலாம். முழுக் கடிதமும் கைபேசித் திரையில் இரண்டு தள்ளலில் முடிந்துவிட வேண்டும்.

அந்தத் தகவல் பத்தியில் இன்னும் இரண்டு விஷயங்களுக்கு இடம் தர வேண்டும். இரண்டையுமே பெரும்பாலான வீட்டுக்காரர்கள் யோசித்ததில்லை என்பது என் நினைவு. ஒன்று பாதுகாப்பு. சட்டப் பொறுப்பு இருப்பதால் ஐரோப்பிய நிறுவனங்கள் ஏஜென்ட் மூலம் ஒரு கேள்வித்தாள் அனுப்புவதுண்டு. அறைகளில் புகை எச்சரிப்பான் உண்டா, மாடியிலிருந்து இறங்க இரண்டாவது வழி உண்டா, குளியலறைக்குள் எரிவாயு கீசர் வைத்திருக்கிறீர்களா, மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் எவ்வளவு உயரம், பொதுப் பொறுப்புக் காப்பீடு எடுத்திருக்கிறீர்களா என்று அது போகும். பழைய செட்டிநாட்டு வீட்டில் தாழ்ந்த கைப்பிடிச் சுவரும், பின்கட்டில் திறந்த கிணறும், மர மச்சுக்கு அடியில் பழைய மின்கம்பியும் இருக்க வாய்ப்புண்டு. மூடிய குளியலறையில் எரிவாயு கீசர் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேர்ந்து உயிரையே வாங்கிவிடும். கேள்வித்தாளில் அவர்கள் முதலில் தேடுவது அதைத்தான். கடிதம் எழுதுவதற்கு முன்பே இவற்றைச் சரிசெய்துவிட்டு, மின்சார கீசர், புகை எச்சரிப்பான், தீயணைப்பான், காப்பீடு எல்லாம் இருக்கின்றன, தங்கும் வெளிநாட்டவரின் விவரம் 24 மணி நேரத்துக்குள் பதிவாகிறது என்று ஒரே வாக்கியத்தில் எழுதினால், கேள்வித்தாளில் பாதி நிறைந்துவிடும். மற்றொன்று டிரைவர். பயணியோடு பத்துப் பதினைந்து நாள் கூடவே வரும் டிரைவர் இரவில் எங்கே படுப்பார், என்ன சாப்பிடுவார்? நகரத்தில் இந்தக் கேள்வி எழாது. விடுதி இல்லாத சிற்றூரில் அவர் காரிலேயே படுத்துவிட்டு மறுநாள் தூக்கக் கலக்கத்தோடு மலைப்பாதையில் ஓட்டுவதை எந்த ஏஜென்டும் விரும்ப மாட்டார். டிரைவருக்கு மின்விசிறியோடு படுக்கையும் இரவுச் சாப்பாடும் உண்டு என்ற வரி பாரிஸில் இருப்பவருக்கு ஒன்றுமில்லை. சென்னையில் படிப்பவர் அதைப் பார்த்ததும், இவருக்குத் தொழில் தெரியும் என்ற முடிவுக்கு வருவார்.

விலை விஷயத்தில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். நிகர விலை என்பது வீட்டுக்காரர் கையில் கடைசியாக நிற்கும் தொகை. அதன் மேல் ஏஜென்டும் வெளிநாட்டு நிறுவனமும் தங்கள் லாபத்தை வைத்துக்கொள்வார்கள். காலை உணவோடு இருவருக்கு ஒரு அறை, வரி நீங்கலாக, அறை விற்கும் இணையதளத்தில் 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அங்கே தரகு நூற்றுக்குப் பதினெட்டு என்றால் வீட்டுக்காரருக்கு 4,920 வருகிறது. ஏஜென்டுக்கு 4,800 நிகர விலை கொடுக்கிறார். பார்த்தால் நியாயமான கணக்கு. ஆனால் அதே இணையதளம் அடிக்கடி வருபவர்களுக்குப் பத்து சதவீதத் தள்ளுபடி, கைபேசியில் பதிவு செய்பவர்களுக்கு இன்னொரு பத்து சதவீதம் என்று கேட்டபோது வீட்டுக்காரர் சரி என்று சொல்லி வைத்திருப்பார். 6,000 முதலில் 5,400 ஆகி, பிறகு 4,860 ஆகிறது. கடிதம் வந்ததும் ஏஜென்ட் அலுவலகத்தில் முதலில் செய்வது, கைபேசியை எடுத்து அந்த வீட்டின் பெயரைத் தேடுவதுதான். யார் வேண்டுமானாலும் 4,860க்கு வாங்கும் அறையை 4,800க்குச் சிறப்பு விலை என்று தருகிறவரை என்னவென்று நினைப்பார்கள்? வேடிக்கை என்னவென்றால் 4,860 விற்பனையில் தரகு போக வீட்டுக்காரருக்கு நிற்பது ஏறத்தாழ 3,985தான். ஏஜென்ட் தரும் 4,800 அவருக்கு நன்மையான விலை. அந்த நன்மையைத் தள்ளுபடியே தின்றுவிட்டது. ஆகவே கடிதத்தை அனுப்புவதற்கு முந்தைய நாள் செய்ய வேண்டிய வேலை, தன் வீட்டின் விலையைத் தானே ஒரு கைபேசியில் தேடிப் பார்ப்பது. சீசன் மாதங்களில் தள்ளுபடிகளை நிறுத்திவிட்டு, பொது விலைக்கும் நிகர விலைக்கும் இடையே நூற்றுக்கு இருபதாவது நிலையாக இருக்கும்படி பார்த்துக்கொண்டால் போதும். நிகர விலையில் இரவுச் சாப்பாட்டையும் சேர்த்து எம்.ஏ.பி. திட்டமாகக் கொடுப்பது இன்னும் நல்லது. வெளியே உணவகம் இல்லாத ஊரில் அது எப்படியும் தேவை. இணையதள விலையோடு அறைக்கு அறை ஒப்பிடுவதும் அப்போது அவ்வளவு எளிதில்லை. வரி சேர்ந்ததா சேராததா, டிசம்பர் இருபது முதல் ஜனவரி பத்து வரை கூடுதல் உண்டா, எத்தனை நாளைக்கு முன் ரத்து செய்தால் கட்டணம் இல்லை என்ற மூன்றையும் எழுதாத விலை, விலையே அல்ல.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். நடுவில் ஏஜென்ட் எதற்கு? பாரிஸ் நிறுவனத்துக்கே நேராக இன்னும் குறைந்த விலை கொடுத்து, பணத்தையும் நேராக வாங்கிக்கொண்டால் இரு பக்கமும் லாபம்தானே? சிறு நிறுவனங்கள் சில அப்படிச் செய்வதுண்டு என்பதை மறுக்க முடியாது. உரிமையாளரே ஆண்டுதோறும் வந்து போகும் இரண்டு மூன்று பேர் நிறுவனமானால் நேரடி ஏற்பாடு நடக்கும். ஆனால் காரும் வழிகாட்டியும் ஏஜென்டிடம் இருக்க, அறை மட்டும் வெளியே பதிவானால், அந்த இரவு யாருடைய கணக்கிலும் இல்லாமல் போகிறது. விமானம் தாமதமாகிப் பயணத் திட்டம் ஒரு நாள் தள்ளினால், ஏஜென்ட் தன் வவுச்சரில் உள்ள ஓட்டல்களை எல்லாம் மாற்றிவிடுவார். இந்த வீட்டை மாற்ற யாருக்கும் ஞாபகம் வராது. அதைவிடப் பெரிய ஆபத்து, கடிதத்திலேயே இருக்கிறது. நேராக வந்தால் உங்களுக்கு மேலும் பத்து சதவீதம் குறைவு என்று எழுதிய கடிதம், நான் முன்பு சொன்னபடி, அப்படியே ஏஜென்டுக்குத் தள்ளிவிடப்படும். தன்னை வெட்டிவிடச் சொல்லும் வரியைப் படித்துவிட்டு, அந்த வீடு நல்ல வீடு என்று அவர் சான்று எழுத வேண்டும்! எங்கள் அலுவலகத்தில் அப்படிப்பட்ட கடிதங்களுக்குப் பொய்யான குறை எதுவும் எழுதியதில்லை. இதுவரை பயன்படுத்தியதில்லை, தெரியாது என்று எழுதுவோம். அதுவே போதுமானதாக இருந்தது. அது நியாயம் என்று நான் வாதிட மாட்டேன். நடைமுறை அது.

அப்படியானால் பாரிஸுக்கு எழுதுவானேன், நேரே சென்னையிலும் கொச்சியிலும் டில்லியிலும் உள்ள ஏஜென்டுகளுக்கே எழுதிவிடலாமே என்றும் கேட்கலாம். இந்த ஆட்சேபத்தில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். கட்டாயம் எழுத வேண்டும். அதுவும் அதே வாரத்தில், அதே விலையோடு. ஆனால் ஏஜென்ட் அலுவலகத்துக்கு வரும் புதிய வீடுகளின் அறிமுகங்களுக்கு அளவில்லை. ஏற்கெனவே ஒப்பந்தம் உள்ள இரண்டு மூன்று ஓட்டல்கள் போதும் என்ற நிலையில், புதிய வீட்டைப் போய்ப் பார்ப்பதற்கு ஏஜென்டுக்கு அவசரம் எதுவுமில்லை. பாரிஸிலிருந்து ஒரு வாடிக்கையாளர் இதைப் பற்றிக் கேட்டுவிட்டார் என்றால் மட்டும் நிலைமை மாறும். அடுத்த முறை மதுரைப் பக்கம் போகும் ஊழியரிடம், அப்படியே இந்த வீட்டையும் பார்த்துவிட்டு வா என்று சொல்வார்கள். வெளிநாட்டுக் கடிதத்தின் உண்மையான பயன் இதுதான். ஆக, இரண்டு கடிதமும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும்: கேள்வி மேலிருந்து இறங்கும்போது, பதில் ஏஜென்டின் கோப்பில் ஏற்கெனவே காத்திருக்க வேண்டும்.

இதிலிருந்து வரும் இன்னொரு விஷயத்தைப் பலரும் கோட்டைவிட்டார்கள். பாரிஸுக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் பாரிஸிலிருந்து வராது. மூன்று வாரம் கழித்து, சென்னையிலிருந்தோ டில்லியிலிருந்தோ, கேள்விப்பட்டிராத அலுவலகத்தின் இளநிலை ஊழியர் ஒருவர் இரண்டே வரியில், இந்தச் சீசனுக்கான சிறந்த விலையை அனுப்புங்கள் என்று எழுதுவார். எதற்காகக் கேட்கிறார், யார் சொல்லிக் கேட்கிறார் என்று ஒன்றும் இருக்காது. அதுதான் பதில். வீட்டுக்காரர் அதை நாள்தோறும் வரும் வெட்டி விசாரணைகளில் ஒன்றாக நினைத்து விட்டுவிடுகிறார், அல்லது பொது விலையைப் போட்டு அனுப்புகிறார். பாரிஸுக்கு 4,800, சென்னைக்கு 6,000 என்று இரண்டு தாளும் ஒரே மேசையில் வந்து சேர்ந்தால் கதை அங்கேயே முடிந்தது. இதைத் தவிர்ப்பது கடினமில்லை. வெளிநாட்டுக் கடிதங்கள் போன பிறகு அடுத்த இரண்டு மாதங்களுக்கு, உள்நாட்டு ஏஜென்ட் யார் கேட்டாலும் அதே நிகர விலைத் தாளை, கேட்ட அன்றே அனுப்ப வேண்டும். கேட்ட அன்றே என்பதற்குக் காரணம் உண்டு. குளிர்காலத்தில் பாரிஸில் காலை ஒன்பது மணி, நமக்குப் பிற்பகல் ஒன்றரை. லண்டனில் ஒன்பது, நமக்கு இரண்டரை. அவர்கள் தங்கள் பயணிக்கு அன்றே விலை சொல்ல வேண்டியிருக்கும்போது, நாம் மாலை ஆறுக்குள் பதில் எழுதினால் அவர்களின் வேலை நாள் முடிவதற்குள் போய்ச் சேரும். அறை உண்டா என்ற கேள்விக்கு மூன்று நாள் கழித்து உண்டு என்று சொல்லும் வீட்டின் இரவை அதற்குள் பெரிய ஓட்டல் ஒன்று எடுத்துக்கொண்டிருக்கும்.

அறிமுகமற்றவர்களுக்குக் கடிதம் அனுப்புவதே தொல்லை இல்லையா என்ற ஆட்சேபம் எனக்கு மிக வலுவானதாகப் படுகிறது. அதற்குச் சட்டமும் நாட்டுக்கு நாடு வேறு பதில் சொல்கிறது. ஜெர்மனியில் நியாயமற்ற போட்டிக்கு எதிரான சட்டம், முன்கூட்டியே வெளிப்படையான சம்மதம் இல்லாமல் விளம்பர மின்னஞ்சல் அனுப்புவதை நிறுவனங்களுக்கு இடையிலும் தொல்லையாகவே கருதுகிறது. நம் கடிதம் எவ்வளவு பணிவாக இருந்தாலும் அந்த வகையில் விழும். பிரான்ஸில், பெறுபவரின் தொழிலுக்குத் தொடர்புள்ளதாகவும், வேண்டாம் என்று சொல்ல எளிய வழி உள்ளதாகவும் இருந்தால் அனுமதி உண்டு. பிரிட்டனில் பதிவு பெற்ற நிறுவனங்களுக்கு எழுதலாம். தனிநபர் வணிகருக்கு எழுதச் சம்மதம் வேண்டும். ஆகவே ஜெர்மானிய நிறுவனங்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, அவர்களின் ஏஜென்ட் வழியாகவோ மார்ச் மாதம் பெர்லினில் நடக்கும் ஐ.டி.பி. சந்தையில் முகம் பார்த்தோ அணுகுவதுதான் முறை. மற்ற நாடுகளுக்கும் இருபது முப்பது நிறுவனங்களுக்கு மேல் தேவைப்படாது. ஆறு அறை வீட்டுக்கு ஒரு சீசனில் நான்கைந்து நிறுவனங்கள் ஒழுங்காகப் பயணிகளை அனுப்பினாலே அறைகள் நிறைந்துவிடும். ஒவ்வொரு கடிதத்திலும் அந்தந்த நிறுவனத்தின் பயணத் திட்டம் குறிப்பிடப்பட்டால் அது மொத்தமாகத் தூவப்பட்ட விளம்பரமாகத் தெரியாது. ஆயிரம் முகவரிகளை விலைக்கு வாங்கி ஒரே மடலைத் தூவியவர்களின் மின்னஞ்சல்கள் குப்பைக் கூடைக்குப் போயின. சில நாளில் அவர்களின் சாதாரணப் பதில்கள்கூட அங்கேயே போய் விழத் தொடங்கின. வீட்டின் சொந்த டொமைனிலிருந்து அனுப்புவதும், அதற்கு SPF, DKIM என்ற இரண்டு அமைப்புகளையும் இணையதளம் செய்துகொடுத்தவரிடம் சொல்லிப் போட்டுக்கொள்வதும் இதே காரணத்துக்காகத்தான்.

எப்போது அனுப்புவது என்பதில் பலர் செய்வது தலைகீழ். அறைகள் காலியாக இருக்கும் செப்டம்பரில் பதற்றத்தோடு எழுதுவார்கள். அதற்குள் அடுத்த சீசனுக்கான விலைகள் அச்சாகி, பயணங்கள் விற்பனையில் இருக்கும். அக்டோபரில் தொடங்கும் விலை ஆண்டுக்கான தாள்களை நாங்கள் கேட்கத் தொடங்கியது அதே ஆண்டின் முற்பகுதியில். பெர்லின் சந்தை முடிந்து ஆட்கள் அலுவலகம் திரும்பிய பிறகு, மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை எழுதுவது சரியான காலம். சந்தை நடக்கும் வாரத்தில் எழுதினால் நூற்றுக்கணக்கான மடல்களுக்கு அடியில் போய்விடும். பதில் இல்லையென்றால் மூன்று வாரம் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல், அதே மடலின் தொடர்ச்சியாக, புதிதாக ஏதாவது ஒரு தகவலோடு: காப்பீடு வந்துவிட்டது, இரண்டு அறைகளில் தனிக்கட்டில் போட்டிருக்கிறோம் என்பதுபோல. அதற்கு மேல் வேண்டாம். முதல் ஆண்டு ஒன்றும் நடக்காமல் போனாலும் அடுத்த ஏப்ரலில் புதிய விலைத் தாளை அதே ஆட்களுக்கும் அதே ஏஜென்டுகளுக்கும் அனுப்பியவர்களை நாங்கள் கவனித்தோம், ஏனெனில் பெரும்பாலானவர்கள் அனுப்புவதில்லை. பிறகு எப்போதாவது தீபாவளிக்கோ கிறிஸ்துமஸுக்கோ காரைக்குடியில் எல்லா இடமும் நிறைந்து, ஒரு தம்பதிக்கு ஒரே இரவு இடமில்லாமல் ஏஜென்ட் திண்டாடுவார். அப்போது கோப்பில் விலை, காப்பீடு, டிரைவர் படுக்கை எல்லாம் எழுதிய தாள் ஒன்று இருந்தால், முதல் பதிவு அந்த வீட்டுக்குப் போகும். பயணி ஊர் திரும்பிக் கருத்து எழுதச் சில வாரம் ஆகலாம். ஆனால் டிரைவர் மறுநாள் மதுரையிலிருந்தே அலுவலகத்துக்குப் போன் செய்து, சாப்பாடு எப்படி, வழி எப்படி, படுக்க இடம் கொடுத்தார்களா என்று சொல்லிவிடுவார். இரண்டாவது பதிவு வருமா என்பதை நாங்கள் பெரும்பாலும் அந்தப் போனிலேயே முடிவு செய்தோம்.